சபையாருக்கு ஒரு கடிதம்: வாராந்திரக் கீர்த்தனைக் குழுவை அறிவிப்பது எப்படி

ஞாயிறு ஆராதனை முடியும் நேரம். அறிவிப்புகள் வாசிக்கிறார்கள். "வருகிற செவ்வாய் முதல் பாடல் குழு கூடும், ஆர்வமுள்ளவர்கள் கலந்துகொள்ளவும்" என்று ஒரு வரி வருகிறது. கேட்பவர்களில் பாதிப்பேர் அது பாடகர் குழுவுக்கான அறிவிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். மீதிப்பேர் "நமக்குப் பாட வராதே" என்று விட்டுவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை அறையைத் திறந்து வைத்தால், தொடங்கியவர் வீட்டாரும் இன்னும் ரெண்டு பேரும்தான் வந்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பதிலாக ஒரு பக்கக் கடிதம் எப்படி எழுதுவது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எல்லாச் சபைக்கும் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் பயன்படாது. அதனால் ஒரு சபையை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபை, நூற்றைம்பது குடும்பம் வரை இருக்கும். பாடகர் குழு ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தவிர, பழைய கீர்த்தனைகளைச் சேர்ந்து பாட வாரம் ஒரு மணி நேரம் கூட வேண்டும் என்று சிலருக்கு ஆசை. அதை அறிவிக்கிற கடிதம்தான் நம் வேலை.

முதலில், எதைப் பாடப் போகிறீர்கள்?

கடிதம் எழுத உட்காரும் முன் இதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "துதிப்பாடல்கள் பாடுவோம்" என்றால் ஒருவர் பாமாலையை நினைப்பார், இன்னொருவர் கித்தாரோடு வரும் புதுப் பாடல்களை நினைப்பார், மூன்றாமவர் கீர்த்தனையை நினைப்பார். மூவரும் முதல் வாரம் வந்து, அவரவர் எதிர்பார்த்தது இல்லை என்று மறுவாரம் நின்றுவிடுவார்கள்.

நம் சபையில் கீர்த்தனை என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பாமாலைப் பாடல்கள் மேல்நாட்டு மெட்டுகளில் அமைந்தவை. அவற்றுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் அச்சில் இருக்கிறது, ஆர்கன் வாசிப்பவர் பார்த்து வாசித்துவிடலாம். கீர்த்தனை அப்படியில்லை. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும், கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்று வரிகள் மட்டும் இருக்கும். ஸ்வரம் இருக்காது. தலையில் "ஆனந்தபைரவி, ஆதி" என்று போட்டிருப்பதை வைத்துக்கொண்டு மெட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ராகத்தில் எத்தனை மெட்டு வேண்டுமானாலும் போடலாம். ஆக, மெட்டு இருப்பது பாடுகிறவர்களின் வாயில்தான். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டிக்கு மட்டும் தெரிந்த மெட்டு, அவருக்குப் பிறகு புத்தகத்தில் வெறும் வரியாக நின்றுபோகும்.

ஞாயிறு ஆராதனையில் இதைச் சரிசெய்ய நேரம் கிடையாது. அங்கே எல்லாருக்கும் தெரிந்த அதே இருபது முப்பது கீர்த்தனைகள்தான் சுற்றிச் சுற்றி வரும். அதிலும் பல்லவி, முதல் சரணம், கடைசிச் சரணம் என்று சுருக்கிவிடுவார்கள். நடுவில் உள்ள சரணங்களைப் பாடியே பல வருஷம் ஆகியிருக்கும்.

இந்தக் காரணத்தை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள். "ஆவிக்குரிய வளர்ச்சிக்காக" என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள், யாரும் கிளம்பி வரவும்மாட்டார்கள். "மெட்டு மறந்து வருகிற கீர்த்தனைகளைத் தெரிந்தவர்களிடமிருந்து கற்றுப் பாட" என்று எழுதினால், மெட்டு தெரிந்த பெரியவருக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரியும்.

எழுதும் முன் பேச வேண்டிய மூன்று பேர்

முதலில் குருவானவர். ஆலய வளாகத்தில் வாராவாரம் கூடுகிற எதற்கும் அவர் சம்மதம் வேண்டும், சேகரக் கமிட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடிதத்தில் அவர் கையெழுத்து இருந்தால்தான் அது சபையின் காரியம் என்று ஆகும். இல்லாவிட்டால் "இன்னார் ஏதோ தனியாகக் கூட்டம் நடத்துகிறாராம்" என்ற பேச்சு வந்துவிடும்.

அடுத்தவர் பாடகர் குழுவை நடத்துகிறவர். நடைமுறையில் இவரோடு பேசுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். புதுக் குழு வருகிறது என்பதை அவர் அறிவிப்பில்தான் முதல்முதலாகக் கேட்கிறார் என்றால், அன்றைக்கே மனக்கசப்பு. வாத்தியக்காரரையும் நல்ல குரல்களையும் பிரித்துக்கொண்டு போகப் பார்க்கிறார்களோ என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. நேரில் போய் மூன்று விஷயத்தைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். இந்தக் குழு ஆராதனையில் முன்னால் நின்று பாடாது. பாடகர் குழுவின் பயிற்சி நாளில் கூடாது. இங்கே கற்ற ஒரு கீர்த்தனையை அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துக்கொள்ள விரும்பினால் மகிழ்ச்சி. ஒத்துக்கொண்டதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதுங்கள், எழுதியதை அச்சுக்கு முன் அவரிடம் காட்டுங்கள்.

மூன்றாமவர் ஆலயத்தின் சாவி வைத்திருப்பவர். சிரிக்க வேண்டாம். ஞாயிறு பள்ளி அறையைத் திறக்க, மின்விசிறி போட, முடிந்ததும் பூட்ட அவர்தான் வர வேண்டும். அவருக்குச் செவ்வாய் சாயங்காலம் வேறு வேலை இருந்தால் முதல் வாரமே எல்லாரும் வராந்தாவில் நிற்பார்கள்.

கூடும் நாளை முடிவு செய்யும்போது சபையின் வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழுப் பயிற்சி, நடுவே பெண்கள் ஐக்கிய சங்கம், பகுதி வாரியாக வீட்டு ஜெபக் கூட்டங்கள். மிஞ்சுவது திங்களும் செவ்வாயும்தான். பல ஆயர்களுக்குத் திங்கள் ஓய்வு நாள். செவ்வாய் சாயங்காலம் 6.30 முதல் 7.30 என்றால் அலுவலகம் முடிந்தவர்களும் வரலாம், பெரியவர்கள் ரொம்ப நேரமாகும் முன் வீடு திரும்பலாம்.

தொடங்கும் மாதமும் முக்கியம். லெந்து நாட்களில் ஏற்கெனவே கூட்டங்கள் நிறைய. டிசம்பர் என்றால் கேரல் ரவுண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பாதிக் குடும்பம் ஊரில் இருக்காது. பள்ளி திறந்த பிறகு ஜூன் நடுவில் தொடங்கினால் அசனப் பண்டிகை, கிறிஸ்துமஸ் வேலைகள் வருவதற்குள் குழுவுக்குக் கால் ஊன்ற நேரம் கிடைக்கும்.

கடிதத்தைப் பத்தி பத்தியாகக் கட்டுவது

வாழ்த்தை வழக்கப்படி வையுங்கள். "கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு" என்று தொடங்குவதைப் பழையது என்று மாற்ற வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு அந்த வரிதான் இது ஆலயக் கடிதம் என்று சொல்லும். ஆனால் அதற்கடுத்து வழக்கமாக ஓடுகிற முன்னுரை தேவையில்லை. வேத வசனம் ஒன்று போதும். கீர்த்தனைக் குழுவுக்குக் கொலோசெயர் 3:16 பொருத்தமானது, "சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும்" என்று கீர்த்தனை என்ற சொல்லே அதில் வருகிறது. முழு வசனத்தையும் அச்சடித்து, பிறகு அதற்கு விளக்கமும் எழுதினால் பக்கத்தில் கால்வாசி போய்விடும். குறிப்பு மட்டும் போட்டால் போதும், வாசிக்கிறவர்கள் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

முதல் பத்தியிலேயே என்ன, எப்போது, எங்கே என்று சொல்லிவிடுங்கள். நாளையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். "வருகிற செவ்வாய்" என்று எழுதாதீர்கள். கடிதத்தை ரெண்டு ஞாயிறு வாசிப்பார்கள், சிலர் கைக்கு அது புதன்கிழமைதான் போய்ச் சேரும். "2026 ஜூன் 16, செவ்வாய், மாலை 6.30" என்றால் குழப்பமே இல்லை. இடத்தையும் "ஆலய வளாகம்" என்று விடாமல், எந்த அறை, எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாடியா கீழ்த்தளமா, தரையா நாற்காலியா என்பது வருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற விஷயம்.

ரெண்டாவது பத்தி காரணம். மேலே சொன்னதுதான், மூன்று நாலு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம்.

மூன்றாவது பத்தியில்தான் கடிதம் ஜெயிப்பதும் தோற்பதும். வாசிப்பவர் வாய்விட்டுக் கேட்காத சந்தேகங்களுக்கு அங்கே பதில் இருக்க வேண்டும். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டுமா? தனியாகப் பாடச் சொல்வார்களா? என் குரல் மேலே போகாதே? பணம் கேட்பார்களா? ஒரு வாரம் வராவிட்டால் பேச்சு வாங்க வேண்டுமா? இவற்றுக்கு "அனைவரும் வருக, தயங்க வேண்டாம்" என்பது பதில் ஆகாது. தயங்க வேண்டாம் என்றாலே ஏதோ தயங்க வேண்டியது இருக்கிறது என்று ஆகிவிடும். "யாரையும் தனியாகப் பாடச் சொல்லமாட்டோம்" என்பது பதில்.

குரல் பற்றிய வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும், அது வெறும் ஆறுதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. பொதுவாகப் பெண்களுக்கு 5 அல்லது 5½ கட்டைச் சுருதி வசதி, ஆண்களுக்கு 1 முதல் 2 கட்டை. எல்லாரும் சேர்ந்து பாடும்போது யாராவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கீர்த்தனையில் பல்லவி பெரும்பாலும் நடு ஸ்தாயியில் நிற்கும், அனுபல்லவிதான் மேல் ஸட்ஜமத்தை நோக்கி ஏறும். பல்லவியில் கணீரென்று கேட்ட கூட்டம் அனுபல்லவியில் திடீரென்று மெலிந்தால், அவர்களுக்குப் பாட்டு தெரியாது என்று நினைக்காதீர்கள். சுருதி கூடுதல். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கினால் குரல்கள் திரும்பி வரும். இதைச் செய்யத் தயாராக இருந்தால் மட்டும் "எல்லாருக்கும் எட்டுகிற சுருதியில் பாடுவோம்" என்று எழுதுங்கள். ஆர்மோனியக்காரரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவையுங்கள். சிலர் தங்கள் கை பழகிய கட்டையை விட்டு நகரமாட்டார்கள்.

பணம் பற்றி ஒரு வரி போதும்: சந்தா கிடையாது, காணிக்கை எடுப்பதில்லை. அப்புறம் தேநீர். வாராவாரம் தேநீர் உண்டு என்று கடிதத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது போட்டுக் கொடுத்தால் குடித்துக்கொள்ளலாம். வாக்குக் கொடுத்தால் அது ஒரு பெண்மணியின் தலையில் நிரந்தரமாக விழுந்துவிடும்.

நாலாவது பத்தி எவ்வளவு காலம் என்பது. முடிவே இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுக்க எல்லாருக்கும் பயம். "முதலில் எட்டு வாரம், ஆகஸ்ட் 4 வரை" என்று எழுதினால் வருகிறவருக்கும் சுலபம், நடத்துகிறவருக்கும் சுலபம். எட்டு வாரம் முடிந்ததும் வந்தவர்களிடமே கேட்டுத் தொடரலாம், அல்லது யாருக்கும் முகம் கோணாமல் நிறுத்தலாம்.

ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்றும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். நிதானமான தாளத்தில் ஆறு சரணமும் விடாமல் பாடினால் ஒரு கீர்த்தனைக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகும். தெரியாத கீர்த்தனையை வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரமாவது வேண்டும். ஆகவே தெரிந்த கீர்த்தனை ரெண்டு, கற்றுக்கொள்ள ஒன்று, தொடக்கத்திலும் முடிவிலும் சிறு ஜெபம். இதற்கு மேல் ஒரு மணி நேரத்தில் அடைக்க முடியாது. "பிரசங்கம் கிடையாது" என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுத வேண்டாம், குருவானவருக்குச் சங்கடம். என்ன செய்வோம் என்று சொன்னாலே, என்ன இல்லை என்பது புரிந்துவிடும்.

முழுக் கடிதம்

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்தால் கடிதம் இப்படி வரும். அடைப்புக்குறிக்குள் இருப்பதை உங்கள் சபைக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளுங்கள்.

> (ஆலயத்தின் பெயர், ஊர்)
> 7 ஜூன் 2026
>
> கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு,
>
> நம் ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல்கள். (கொலோ. 3:16)
>
> நம் சபையில் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவதற்காக ஒரு குழு தொடங்குகிறோம். 2026 ஜூன் 16 முதல் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாலை 6.30 முதல் 7.30 வரை, கீழ்த்தளத்தில் உள்ள ஞாயிறு பள்ளி அறையில் கூடுவோம். பக்கவாட்டுக் கேட் திறந்திருக்கும். நாற்காலிகள் போடப்பட்டிருக்கும்.
>
> நம் கீர்த்தனைப் புத்தகத்தில் உள்ள பாடல்களில் பலவற்றை நாம் பாடியே நெடுநாள் ஆகிறது. புத்தகத்தில் ராகமும் தாளமும் இருக்கின்றன, மெட்டு இல்லை. அந்த மெட்டுகள் நம் சபையின் பெரியவர்கள் சிலருக்குத்தான் தெரியும். அவர்களிடமிருந்து கேட்டுக் கற்று, எல்லாச் சரணங்களையும் முழுமையாகப் பாடுவதே இந்தக் குழுவின் நோக்கம்.
>
> ஒவ்வொரு வாரமும் நமக்குத் தெரிந்த ரெண்டு கீர்த்தனைகளைப் பாடுவோம், ஒன்றைப் புதிதாகக் கற்போம், ஜெபத்தோடு முடிப்போம்.
>
> சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாரையும் தனியாகப் பாடச் சொல்லமாட்டோம். எல்லாருக்கும் எட்டுகிற சுருதியில் பாடுவோம். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க விரும்புகிறவர்களும் வரலாம். சந்தா இல்லை, காணிக்கை எடுப்பதில்லை. ஒரு வாரம் வர இயலாவிட்டால் அடுத்த வாரம் வாருங்கள். பிள்ளைகளை அழைத்து வரலாம். பாடல் தாள்கள் பெரிய எழுத்தில் தரப்படும்.
>
> இந்தக் குழு ஆராதனையில் தனியாகப் பாடாது. நம் பாடகர் குழு வழக்கம்போல் சனிக்கிழமை பயிற்சி செய்யும். அவர்களோடு கலந்து பேசியே இதைத் தொடங்குகிறோம்.
>
> முதலில் எட்டு வாரம், ஆகஸ்ட் 4 வரை கூடுவோம். தொடர்வதைப் பற்றி அன்று வந்தவர்களோடு பேசி முடிவு செய்வோம்.
>
> மெட்டு தெரிந்த பெரியவர்கள் கீழே உள்ள சீட்டை நிரப்பித் தரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். மாலையில் வர இயலாதவர்கள் வீட்டுக்கு நாங்கள் வந்து பாட்டைக் கேட்டுப் பதிவு செய்துகொள்கிறோம்.
>
> கர்த்தருடைய பணியில்,
> (குருவானவர் கையொப்பம்)
> (குழு ஒருங்கிணைப்பாளர் பெயர், தொலைபேசி எண்)

இதில் "கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க விரும்புகிறவர்களும் வரலாம்" என்ற வரியைச் சிலர் வெட்டச் சொல்வார்கள். பாடல் குழுவுக்குக் கேட்பவர் எதற்கு என்பார்கள். வெட்டாதீர்கள். முதல் ரெண்டு வாரம் பின் வரிசையில் வாயைத் திறக்காமல் உட்காருகிறவர்களில் சிலர் மூன்றாம் வாரம் பல்லவியில் சேர்ந்துகொள்வார்கள். அந்த வரி இல்லாவிட்டால் அவர்கள் வாசலுக்கே வந்திருக்கமாட்டார்கள்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. "இளைஞர்கள் சினிமாப் பாட்டில் மூழ்கிக் கிடக்கும் இக்காலத்தில்" என்பது போன்ற வரி எத்தனையோ கடிதங்களில் பார்க்கலாம். அதை வாசித்த இளைஞர் ஒருவரும் வரப்போவதில்லை. அதேபோல, புதுப் பாடல்களைவிடக் கீர்த்தனைதான் உயர்ந்தது என்ற தொனியும் வேண்டாம். அந்தப் பாடல்களை ஞாயிறுதோறும் பாடுகிறவர்களுக்கும்தான் இந்தக் கடிதம் போகிறது.

கீழே ஒரு சீட்டு

தாளின் அடியில் புள்ளிக்கோடு போட்டு, கிழித்துத் தருகிற மாதிரி ஒரு சீட்டு வையுங்கள். அதில் நாலு கேள்விக்கு மேல் வேண்டாம்: பெயர், பகுதி அல்லது தெரு, எனக்கு மெட்டு தெரிந்த, இப்போது அதிகம் பாடாத கீர்த்தனையின் முதல் வரி, கூட்டிக்கொண்டு வந்து திரும்ப விட யாராவது தேவையா.

மூன்றாவது கேள்வியில் "பாட்டின் எண்" என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் கையில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம், எண் ஒத்துப்போகாது. முதல் வரி என்றால் பதிப்பு மாறினாலும் அகர வரிசையில் தேடி எடுத்துவிடலாம். சிலருக்குப் பல்லவி மறந்து நடுச் சரணம்தான் ஞாபகம் இருக்கும். அதனால் "முதல் வரி அல்லது ஞாபகம் இருக்கும் வரி" என்று போடுவது இன்னும் நல்லது.

நாலாவது கேள்வியைச் சும்மா கேட்காதீர்கள். ஆம் என்று எழுதுகிறவரைக் கூட்டி வர ஆட்டோவோ, வண்டி வைத்திருக்கிற ஒருவரோ தயாராக இருக்க வேண்டும். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் கேள்வியையே எடுத்துவிடுங்கள்.

சீட்டுகளைப் போட ஆலய வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். ஆனால் பெட்டியை மட்டும் நம்பாமல், ரெண்டு பேர் வாசலில் நின்று கையில் வாங்கினால் கூடுதலாக வரும். எழுத முடியாதவர்களிடம் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

அச்சு, வாசிப்பு, வாட்ஸ்அப்

இந்தக் கடிதம் மூன்று வடிவத்தில் போகும், மூன்றுக்கும் ஒரே வாசகம் சரிப்படாது.

அச்சில் ஏ4 தாளின் ஒரு பக்கம். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம், பாடல் தாள் என்றால் 16. சீட்டோடு சேர்த்து ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், வாக்கியத்தைக் குறையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் சீட்டைப் பின்பக்கத்தில் போடலாம். ஆனால் அதைக் கிழித்துக் கொடுத்தால் முன்பக்கத்தில் இருக்கிற தேதியும் தொலைபேசி எண்ணும் கூடவே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலயத்தில் வாசிக்க முழுக் கடிதம் வேண்டாம். நிதானமாக வாசித்தால் ரெண்டு மூன்று நிமிஷம் ஆகும், அறிவிப்பு நேரத்தில் அதற்குள் பிள்ளைகள் எழுந்து ஓட ஆரம்பித்துவிடுவார்கள். வாசிக்கிறவர் கையில் தனியாக இதைக் கொடுங்கள்:

> ஜூன் 16 செவ்வாய்க்கிழமை முதல், வாராவாரம் மாலை ஆறரை மணிக்கு, ஞாயிறு பள்ளி அறையில் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடப் போகிறோம். பாடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வரலாம். பழைய மெட்டு தெரிந்த பெரியவர்கள் வாசலில் கொடுக்கப்படும் கடிதத்தில் உள்ள சீட்டை நிரப்பித் தாருங்கள். ஜூன் 16, செவ்வாய், மாலை ஆறரை.

நாளும் நேரமும் கடைசியில் ரெண்டாம் முறை வருவது வேண்டுமென்றே வைத்தது. காதால் கேட்கிறவர் திரும்பிப் பார்த்துப் படிக்க முடியாது. அச்சில் 6.30 என்று இருந்தாலும் வாசிப்பதற்கான தாளில் "ஆறரை" என்று எழுத்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் "ஆறு புள்ளி மூன்று பூஜ்ஜியம்" என்று வாசிக்கிற இளைஞர்களும் உண்டு.

வாட்ஸ்அப்பில் ஒரு சிக்கல் வரும். ஆலயக் கடிதங்களை அச்சகத்திலோ டி.டி.பி. சென்டரிலோ அடிக்கக் கொடுத்தால், பல இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். தாளில் அழகாக இருக்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும், அது யூனிகோட் அல்ல என்பதுதான் காரணம். அப்போது பலர் செய்வது தாளைப் படம் பிடித்து அனுப்புவது. படத்தைப் பெரிதாக்கிப் படிக்கப் பெரியவர்களுக்குக் கஷ்டம், வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ அதிலிருந்து தேதியை எடுத்து அம்மாவுக்கு அனுப்பவும் முடியாது. முதலிலேயே யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், அல்லது போனிலேயே அடித்து அச்சகத்துக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்புக்கு ஆறு வரி போதும்: என்ன, எப்போது, எங்கே, யாரும் வரலாம், எட்டு வாரம், எண். திங்கட்கிழமை சாயங்காலம் ஒருமுறை, செவ்வாய் மதியம் ஒருமுறை அனுப்பலாம். அதற்கு மேல் அனுப்பினால் குழுவையே மியூட்டில் போட்டுவிடுவார்கள்.

சீட்டுகள் வந்த பிறகு

ஜூன் 7, 14 ஆகிய ரெண்டு ஞாயிறும் கடிதம் கொடுத்த பிறகு கையில் பத்து சீட்டு வந்தால் தாராளம். அவற்றில் உள்ள கீர்த்தனைகளைப் பட்டியலிட்டு, எது ரெண்டு மூன்று சீட்டில் வருகிறது என்று பாருங்கள். முதல் வாரம் கற்க அதை எடுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்ததை முதல் நாளே எடுத்தால், அவர் வராமல் போனால் அன்றைக்குக் கற்க ஒன்றும் இல்லை.

சீட்டு எழுதியவர் வீட்டுக்கு முதல் வாரத்துக்கு முன்பே போய், போனில் பாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். போனை மேஜை மேல் வைத்து மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால் போதும், தனி மைக் தேவையில்லை. முதலில் ஒரு தடவை அவர் போக்கில் பாடவிடுங்கள், இடையில் நிறுத்தாதீர்கள். ரெண்டாம் தடவை கையில் தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கள். புத்தகத்தில் ஆதி என்று இருந்தால் எட்டு எண்ணிக்கையில் ஒரு சுற்று முடிய வேண்டும். ஒவ்வொரு சரணத்திலும் ஒரே வரியில் சுற்று மிஞ்சினால், அந்த இடத்தில் அவர்கள் மெட்டை இழுத்துப் பாடிப் பழகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத் திருத்தப் போகாதீர்கள். தெரிந்துவைத்துக்கொண்டால் கூட்டமாகப் பாடும்போது அந்த இடத்தில் எல்லாரையும் ஒன்றாக இழுக்கலாம்.

ஒரே கீர்த்தனைக்கு ரெண்டு பேர் ரெண்டு மெட்டுப் பாடுவது கட்டாயம் நடக்கும். கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் மெட்டையும் கொண்டுவந்திருப்பார்கள். "எது சரியான மெட்டு" என்ற வாக்குவாதத்தை முதல் கூட்டத்தில் எழும்பவிட்டால் அன்று பாட்டு நடக்காது. ரெண்டையும் பதிவு செய்து, தாளின் ஓரத்தில் எந்த மெட்டு யாரிடம் கேட்டது, எந்த ஊரில் பாடுவது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்ததை முதல் வாரம் பாடுங்கள், மற்றதை அடுத்த வாரம் "இன்ன ஊர் மெட்டு" என்று சொல்லி, கொண்டுவந்தவரையே முன்னால் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்கும் திருப்தி, குழுவுக்கு ஒரு கீர்த்தனையில் ரெண்டு வாரப் பாடம்.

எட்டாவது வாரம், ஆகஸ்ட் 4 அன்று, கடைசிப் பத்து நிமிஷத்தை ஒதுக்கி மூன்று கேள்வி கேளுங்கள்: தொடரலாமா, நாளும் நேரமும் சரிதானா, அடுத்து எந்தக் கீர்த்தனை. தொடர்வது என்று முடிவானால் ரெண்டாவது கடிதம் ஐந்து வரி போதும். இதுவரை கற்ற கீர்த்தனைகளின் முதல் வரிகளை அதில் அச்சடித்துவிடுங்கள். முதல் கடிதத்தைப் படித்துவிட்டு வராமல் இருந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்த ஒன்று அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்தால் கிளம்பி வருவார்கள். பட்டியலில் இல்லாத ஒன்று தெரிந்தவர்களோ இன்னும் சீக்கிரம் வருவார்கள்.